இரண்டு பிரதி, ஒரு அத்தியாயம்

நினைவுகளை எழுதும் நண்பர்கள் சிலர், ஒரே அத்தியாயத்தை இரண்டு முறை எழுதிவிட்டு, இரண்டிலும் நல்ல வரிகளாகப் பொறுக்கி ஒட்டுகிறார்கள். அது சரிவராது என்பது என் கருத்து. ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றதிலிருந்து முழுப் பத்தியாகத்தான் எடுக்க வேண்டும்.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலைப் பற்றிய என் அத்தியாயத்தையே சொல்கிறேன். முதல் பிரதியில் நிகழ்ச்சிகள் வரிசையாக இருந்ததால் அதுவே அடிப்படை. ஆனால் ஓடுகள் பறந்த இரவு இரண்டாவதில்தான் உயிரோடு இருந்தது. அந்தப் பத்தியைக் கொண்டுவந்து வைத்ததும், "அந்த லாந்தர்" என்ற இடம் இடித்தது. எந்த லாந்தர்? அதைப் பற்றிய பேச்சு இரண்டாம் பிரதியின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரு வாக்கியம் சேர்த்தேன். "அந்த", "அவர்" என்று வரும் இடங்களைப் பார்த்தாலே இப்படிப்பட்ட ஒட்டுகள் தெரிந்துவிடும்.

பிறகு மாற்றக் குறிப்பு: "பத்தி 4, இரண்டாம் பிரதியிலிருந்து. நீக்கியது: முதல் பிரதியின் பத்தி 4. அதிலிருந்த பெரியப்பா பத்தி 6-க்குப் போனார்." சேர்த்தது கண்ணுக்குத் தெரியும், நீக்கியதற்குக் குறிப்பு மட்டுமே சாட்சி. "பெரியப்பாவை ஏன் விட்டாய்?" என்று வீட்டில் கேட்டால், பதில் அங்கே இருக்கும்.