விழுக்காட்டை விட்டு பிக்சலை எண்ணுவோம்

கையேடு தயாரிப்போரிடமிருந்து நமக்கு வரும் படங்களில் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது ஒரே வகைதான். திரைக்குள் அடங்காத அகலமான எக்செல் ஷீட்டை, ஜூமைக் குறைத்து ஒரே ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்த படம் அது. முதல் நெடுவரிசையிலிருந்து கடைசி நெடுவரிசை வரை எல்லாம் அதில் இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்த எண் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அனுப்பியவரிடம் கேட்டால், "என் திரையில் தெரிகிறதே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அந்த ஷீட் அவருக்கு மனப்பாடம். 8 இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று தெரிந்தாலும் அவர் கண் அதை 8 என்றே படித்துவிடும். கையேட்டை முதன்முதலாகத் திறப்பவருக்கு அந்த வசதி இல்லை.

இந்த இதழில் ஒரே ஒரு ஷீட்டை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாத வருகைப் பதிவேடு. பணியாளர் எண், பெயர், பிரிவு, 31 நாட்களுக்கு 31 நெடுவரிசைகள், கடைசியில் மொத்தம் காட்டும் நான்கு நெடுவரிசைகள். எழுத்து காலிப்ரி 11. விண்டோஸின் திரை அளவு 100 விழுக்காட்டில் இருந்தால், எக்செல்லில் மாற்றாமல் விட்ட ஒரு நெடுவரிசையின் அகலம் 64 பிக்சல். நெடுவரிசையின் ஓரத்தை மவுஸால் பிடித்தாலே Width: 8.43 (64 pixels) என்று காட்டும். நாட்களுக்கு மட்டும் 1984 பிக்சல் போகிறது. பெயருக்கு 150, பிரிவுக்கு 110, எண்ணுக்கும் மொத்தங்களுக்கும் ஐந்து சாதாரண நெடுவரிசைகள் என்று கூட்டினால் 2564. திரையோ 1920 பிக்சல். இடப்பக்க வரி எண்களுக்கும் வலப்பக்க ஸ்க்ரோல் பட்டைக்கும் ஏறத்தாழ 50 போனால் மிச்சம் 1870. ஜூமை 73 விழுக்காட்டுக்கு இறக்கினால்தான் ஷீட் முழுதும் அடங்கும். 1366 பிக்சல் அகலமுள்ள பழைய மடிக்கணினியில் 51-க்கு இறங்க வேண்டும்.

51 விழுக்காட்டில் எழுத்துக்கு என்ன ஆகிறது? காலிப்ரி 11-இல் ஓர் எண்ணின் உயரம் 100 விழுக்காட்டில் சுமார் ஒன்பது பிக்சல். 73-இல் ஏழு. 51-இல் ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்த ஐந்துதான் எல்லைக்கோடு. 8 என்ற எண்ணில் மேலே, நடுவே, கீழே என மூன்று கிடைக்கோடுகள் உண்டு, அவற்றுக்கிடையே இரண்டு வெற்றிடங்கள் உண்டு. கோட்டுக்கு ஒன்று, வெற்றிடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஐந்து பிக்சல் வேண்டும். அதற்குக் கீழே போனால் வெற்றிடம் அடைபட்டுப் போகும், 3, 6, 8 மூன்றும் ஒரே முகம் காட்டும். தசமப் புள்ளியும் காற்புள்ளியும் அதற்கு முன்பே ஒன்றாகிவிடும். அப்படிக் காணாமல் போனதைப் பிறகு எந்தப் படத் திருத்தியில் பெரிதாக்கினாலும் திரும்பப் பெற முடியாது. திரை வரைந்த பிக்சல் மட்டும்தான் ஸ்கிரீன்ஷாட்டில் பதிகிறது.

தமிழ் எழுத்துக்கு இந்த எல்லை இன்னும் மேலே இருக்கிறது. புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் மேலே இடம் விட வேண்டியிருப்பதால், அதே 11 அளவில் எழுத்தின் உடல் சிறுத்துத்தான் வரும். மியையும் மீயையும் பிரித்துக் காட்டுவது மேலே இருக்கும் ஒரு சின்னச் சுழி. னவுக்கும் ணவுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். 73 விழுக்காட்டில் எண்கள் தெளிவாக நிற்கும்போதே பக்கத்துப் பெயர் நெடுவரிசையில் புள்ளிகள் மங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே தமிழும் எண்ணும் கலந்த ஷீட்டில் எண்ணைப் பார்த்து ஜூமை முடிவு செய்யக்கூடாது. பெயர்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஜூமைத் தொடும் முன் ஷீட்டைத் தொட வேண்டும் என்பதே நம் கருத்து. மேலே சொன்ன பதிவேட்டில் 31 நெடுவரிசைகளில் இருப்பது P அல்லது A என்ற ஒற்றை எழுத்து. அதற்கு 64 பிக்சல் எதற்கு? கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, 31 நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்து, அகலத்தை 3 என்று வைத்தால் ஒவ்வொன்றும் 26 பிக்சலாகும். தலைப்பில் உள்ள இரண்டு இலக்கத் தேதி அதற்குள் வசதியாக உட்காரும். நாட்களின் அகலம் 1984-இலிருந்து 806-க்கு இறங்குகிறது, மொத்த அகலம் 1386. இப்போது 1920 திரையில் ஜூமைக் குறைக்கவே வேண்டாம், 130 வரை கூட்டலாம். 1366 திரையில்கூட 95 விழுக்காட்டில் அடங்கிவிடும். பெயர் நெடுவரிசையின் எழுத்தை மட்டும் 13 ஆக உயர்த்தினால் அகலம் 30, 40 பிக்சல்தான் கூடும், தமிழுக்கு மூச்சு கிடைக்கும். நீளமான தலைப்புகள்தான் நெடுவரிசையை அகலப்படுத்துகின்றன என்றால் Wrap Text கொடுத்து இரண்டு வரியாக மடிக்கலாம். ரிப்பனை Ctrl + F1 அழுத்தி மூடினால் உயரத்தில் இடம் கிடைக்கும், அகலத்துக்கு அது உதவாது.

இதற்குப் பிறகுதான் ஜூம். ஸ்லைடரைக் கண்ணால் பார்த்து நகர்த்துவதைவிட, தலைப்பு வரியில் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை தேர்ந்துகொண்டு Zoom to Selection கொடுப்பது மேல். விசைப்பலகையில் Alt, W, G என்று வரிசையாக அழுத்தினால் போதும். இங்கே பலர் Ctrl + A கொடுத்து முழுப் பட்டியலையும் தேர்ந்துவிடுகிறார்கள். அப்போது எக்செல் அகலத்தோடு உயரத்தையும் திரைக்குள் அடக்கப் பார்க்கும். இருநூறு வரி இருந்தால் எழுத்து பொடியாகிவிடும். தலைப்பு வரி ஒன்று போதும். ஜூம் மாறியதும் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ##### வரலாம். சிறிய அளவுகளில் எழுத்தின் அகலம் முழு பிக்சலுக்குத் திருத்தப்படுவதால், நெடுவரிசை சுருங்கும் அதே விகிதத்தில் எழுத்து சுருங்குவதில்லை. ஜூமை ஒன்றிரண்டு விழுக்காடு மாற்றினாலோ அந்த நெடுவரிசையைச் சற்று அகலமாக்கினாலோ சரியாகும்.

தலைப்பில் விழுக்காட்டை விடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். "ஜூமை 70-க்குக் கீழே இறக்காதீர்கள்" என்று சில நிறுவனங்களின் நடைக்கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த விதி இரண்டு பக்கமும் தவறும். விண்டோஸ் திரை அளவு 150 விழுக்காட்டில் உள்ள மடிக்கணினியில் எக்செல் ஒவ்வொரு எழுத்தையும் ஒன்றரை மடங்கு பிக்சலில் வரைகிறது. அங்கே ஜூமை 67-க்கு இறக்கினாலும் எழுத்துக்குக் கிடைப்பது மற்றவர் மேசைக் கணினியில் 100-இல் கிடைக்கும் அதே பிக்சல். திரை அளவு 100-இல் உள்ள கணினியில் அதே 67 என்றால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். எனவே இரண்டு விழுக்காடுகளையும் பெருக்கிப் பார்க்க வேண்டும், அல்லது படத்தைப் பெரிதாக்கி ஓர் எண்ணின் உயரத்தை எண்ண வேண்டும். எண்ணுக்கு ஏழு பிக்சலாவது கிடைக்கட்டும் என்பது நம் அளவு. உண்மையிலேயே அகலத்தைக் குறைக்க முடியாத ஷீட் என்றால் பிக்சலைக் கூட்டுவதே வழி. 3840 பிக்சல் அகலத் திரை இருந்தால் நல்லது. இல்லையென்றால், ஒரே தெளிவும் ஒரே திரை அளவும் கொண்ட இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எக்செல் சாளரத்தை இரண்டிலும் பரவ இழுத்து, Windows + PrtScn அழுத்தினால் இரண்டும் சேர்ந்த படம் கிடைக்கும்.

இதுவரை சொன்னது திரைக்கு. கையேடு அச்சாகும் என்றால் இன்னொரு சுருக்கம் காத்திருக்கிறது. எழுதுவோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். படத்தைப் பக்கத்தின் அகலத்துக்குப் பொருத்தும்போது, அச்சில் எழுத்து எவ்வளவு பெரியதாக வரும் என்பது ஷீட்டின் மொத்த அகலத்தைப் பொறுத்தது. எந்த ஜூமில் எடுத்தோம் என்பது அதைப் பாதிப்பதே இல்லை. ஜூம் குறைந்தால் எழுத்து அதே அளவில் வரும், ஆனால் குறைவான பிக்சலோடு, மங்கலாக வரும். பழைய அகலமான 2564 பிக்சலில் நம் பதிவேட்டை ஏ4 தாளில் நிமிர்ந்த வாக்கில், ஓரம் போக 16 செ.மீ. இடத்தில் வைத்தால், 11 பாயின்ட் எழுத்து 2.6 பாயின்ட்டாகிவிடும். அதை யாராலும் படிக்க முடியாது. ஒடுக்கிய ஷீட் 4.8 பாயின்ட்டில் வரும், அதுவும் சிரமம். தாளைப் படுக்கை வாக்கில் திருப்பி 25.7 செ.மீ. கொடுத்தால் 7.7 பாயின்ட். சிறிய எழுத்துதான், ஆனால் கண் கஷ்டப்படாது. ஒடுக்காத ஷீட்டுக்குப் படுக்கை வாக்கு கொடுத்தாலும் 4.2-ஐத் தாண்டாது. அச்சில் 6 பாயின்ட்டைக் கீழ் எல்லையாக வைத்தால், நிமிர்ந்த பக்கத்துக்கு ஷீட்டின் அகலம் 100 விழுக்காட்டில் சுமார் 1100 பிக்சலுக்குள் இருக்க வேண்டும் என்று வருகிறது.

சேமிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். படம் பிஎன்ஜி ஆக இருக்கட்டும். ஜேபெக் எழுத்தின் ஓரங்களைச் சுற்றி அழுக்கு படியவிடும், சின்ன எழுத்தில் அதுவே கோட்டை விழுங்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைக்க வேண்டும். வேர்டும் சேமிக்கும்போது படங்களைச் சுருக்கும். Options, Advanced பகுதியில் Do not compress images in file என்பதைக் குறியிட்டு வைத்தால் அது நடக்காது.

திரையில் உள்ள மெனுவோ ஃபில்டர் பொத்தானோ படத்தில் தேவையில்லை, பட்டியல் மட்டும் போதும் என்றால் ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம். Home பகுதியில் Copy பக்கத்து அம்புக்குறியைத் திறந்து Copy as Picture கொடுத்து, அதில் Picture வகையைத் தேர்ந்தால், எழுத்து பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாக வேர்டுக்குப் போகும். பெரிதாக்கினாலும் மங்காது. ஆனால் அச்சின் அகலக் கணக்கு இதற்கும் பொருந்தும். 2.6 பாயின்ட் எழுத்து எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் 2.6 பாயின்ட்தான்.

இவை எதிலும் அடங்காத ஷீட்டுகள் உண்டு. அறுபது நெடுவரிசையும் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு இலக்கத் தொகையும் இருந்தால் அதை ஒரே படத்தில் படிக்கும்படி கொடுக்க வழியில்லை. அப்போது முழு ஷீட்டையும் காட்டும் படம் ஒன்று, இடம் புரிவதற்காக மட்டும். பிறகு பெயர் நெடுவரிசையை Freeze Panes கொண்டு நிறுத்திவிட்டு, வலப்பக்கம் நகர்த்தி நகர்த்திப் பகுதிப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் பெயர் இருக்கும், முந்தைய படத்தின் கடைசி நெடுவரிசை அடுத்ததில் முதலாவதாக வரட்டும்.

அடுத்த இதழிலிருந்து நமக்குப் படம் அனுப்புவோர், ஷீட்டில் 3, 6, 8 மூன்றும் வரும் ஒரு வரியைப் பிடித்து, படத்தை 100 விழுக்காட்டில் வைத்து, அந்த ஷீட்டைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அவற்றையும் அவரே வாசிக்கட்டும். வாசித்தவர் எங்கே தடுமாறினார் என்பதைப் படத்தோடு ஒரு வரியில் குறித்து அனுப்பினால், பக்கத்தில் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று வடிவமைப்பாளர் அதை வைத்தே முடிவு செய்வார்.