ஐந்து நிமிடத்தில் ஒரு சாலை

இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் 'புராஜெக்ட்' என்ற சொல் காலை காபியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை காதில் விழுந்துகொண்டே இருக்கும். கல்லூரியில் நாற்பது ஸ்லைடு போட்டு, பேராசிரியர்கள் முன்னால் அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசிவிடுகிற பிள்ளைதான். அதையே சொந்தத் தெருக்காரர்களுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மதுரை வில்லாபுரத்தில், ஹவுசிங் போர்டு பக்கம் அப்படி ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தெருவுக்குப் புதுச் சாலை வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியிருப்போர் கூட்டம். பால் கவரையும் கேரி பையையும் சேர்த்துக் கொடுத்தால் பிளாஸ்டிக் கலந்த தார்ச்சாலை கேட்டுப் பார்க்கலாம் என்பது அவள் யோசனை. பேச ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாமல் போனால் யாரும் கவரைக் கழுவிக் கொடுக்கப் போவதில்லை.

இது மதுரையிலேயே பிறந்த தொழில்நுட்பம். வில்லாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற திருப்பரங்குன்றத்தில், தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கியது. 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சாலை போட்டுக் காட்டினார். 2006-ல் காப்புரிமை கிடைத்தது, 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. இந்த வரலாற்றைத்தான் அந்த மாணவி தன் பேச்சின் தொடக்கத்தில் வைத்திருந்தாள். அடுத்து உலகத்தில் பிளாஸ்டிக் குப்பை பெருகிய கதை. அதற்கு அடுத்து, "அக்ரிகேட்டை ஹீட் பண்ணி, ஷ்ரெட் செய்த பாலிமரைக் கோட் பண்ணி, பிட்டுமனோடு மிக்ஸ் செய்தால் ஸ்ட்ரிப்பிங் வேல்யூ குறையும்."

பக்கத்து வீட்டு அத்தை முன்னால் ஒத்திகை. முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நல்லாத்தான் சொல்ற தாயி. சித்திரை வெயில்ல அந்த பிளாஸ்டிக்கு உருகி செருப்புல ஒட்டாதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவளுடைய பேச்சில் எங்குமே இல்லை. கல்லூரி அறிக்கை முன்னுரை, முந்தைய ஆய்வுகள், செய்முறை, முடிவு என்று போகும். மதிப்பெண் போடுகிறவருக்கு அந்த வரிசை வேண்டும். தெருவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடைசியில் இருக்கிற முடிவுதான் முதலில் வேண்டும். அதற்கும் முன்னால் அவர் மனதில் ஒரு பயம் நிற்கும். அது விலகாமல் நீங்கள் சொல்லும் வேறு எதுவும் உள்ளே போகாது. அதனால் ஸ்லைடைத் திறக்கும் முன், கூட்டத்துக்கு வரப்போகிற மாதிரி மூன்று பேரிடம் விஷயத்தை ஒரே வரியில் சொல்லி, அவர்கள் முதலில் கேட்கும் கேள்வியை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். இந்தச் சாலைக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். வெயிலில் உருகுமா? போடும்போது நச்சுப் புகை வருமா? மழைக்குத் தாங்குமா? பேச்சு இந்த மூன்றுக்கும் பதிலாக அமைந்தால் போதும்.

மழையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சாலையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. சாதாரண தார்ச்சாலையில் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடும். தார் கழன்று, ஜல்லி பெயர்ந்து, பள்ளம் விழும். ஸ்ட்ரிப்பிங் என்று அவள் சொன்னது இதைத்தான். "மழைத் தண்ணி புகுந்து தார் ஜல்லியை விட்டுக் கழன்று வருவது" என்றால் பள்ளத்தில் வண்டியை விட்டிருக்கிற எல்லோருக்கும் புரியும். அக்ரிகேட் ஜல்லியாகவும், பிட்டுமன் தாராகவும், பாலிமர் பால் கவராகவும் ஆகட்டும். பிட்டுமனும் தாரும் ஒன்றல்ல என்று கூட்டத்தில் ஒரு இன்ஜினீயர் எழுந்திருக்கலாம். அவர் சொல்வது சரி, ஆனால் தெருவில் அதற்குப் பெயர் தார்தான்.

அடுத்து, பிளாஸ்டிக் அங்கே என்ன செய்கிறது? அவள் முதலில் யோசித்த உவமை கடலைமிட்டாய். பாகு கடலையைச் சுற்றிப் பிடிப்பது போலப் பிளாஸ்டிக் ஜல்லியைச் சுற்றிப் பிடிக்கிறது என்று. கேட்க ருசியாக இருக்கிறது, ஆனால் பாகு தண்ணீரில் கரையும். எந்த இடத்தில் நம்பிக்கை வர வேண்டுமோ, அதே இடத்தில் உவமை கைவிடுகிறது. உவமையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் சொல்ல வருகிற முக்கியமான குணம் அதில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், அழகு அப்புறம்.

சரியான உவமை அடுப்படியிலேயே இருந்தது. சூடான தோசைக்கல்லில் தெரியாமல் பால் கவர் பட்டுவிட்டால் என்ன ஆகும்? அப்படியே அப்பிக்கொள்ளும். ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்தாலும் போகாது, தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. சாலையிலும் அதேதான். ஜல்லியைச் சுமார் 160 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, அதன் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது இளகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் தார். தோல் போர்த்திய கல்லைத் தார் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது, நடுவே தண்ணீர் நுழைய இடமில்லை.

இந்த உவமை தன் கூடவே ஒரு வம்பையும் கூட்டிவரும். தோசைக்கல்லில் பட்ட கவர் நாறுமே, புகையுமே? முன்வரிசையில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், ஆகவே கேட்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அடுப்புத் தீயில் கவர் கருகுகிறது. சாலை வேலையில் அது கருகுவதில்லை, இளகுவதோடு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் சிதைந்து வாயு விட இன்னும் நூறு டிகிரி போலக் கூடுதல் சூடு வேண்டும். பிவிசி என்ற வகை மட்டும் இதற்கு ஆகாது, அதில் குளோரின் இருக்கிறது. பிவிசி என்றால் கூட்டத்துக்குத் தெரியாமல் போகலாம். "நம்ம ஊர் பிளக்ஸ் பேனர்ல இருக்கிறது அதுதான், பேனரை மட்டும் கொண்டுவராதீங்க" என்றால் மதுரையில் புரியாதவர் யார்?

வெயிலுக்கு வருவோம். பால் கவர் உருக நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எந்தச் சித்திரையிலும் சாலை அவ்வளவு சுடாது. உச்சி வெயிலில் செருப்பில் ஒட்டுவது பிளாஸ்டிக் இல்லை, தார். இதைச் சொன்னதும் அத்தை விடவில்லை. "மொட்டை மாடியில கெடந்த கவரு பொடிப்பொடியா உதிருதே?" அருமையான கேள்வி. கவரை உதிர வைப்பது சூடு அல்ல, நேர் வெயிலின் ஒளி. சாலைக்குள் பிளாஸ்டிக் தாருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதே சமயம், சாலை தேயும்போது நுண்ணிய பிளாஸ்டிக் துகள் எவ்வளவு வெளியே வரும் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் முடியாத பேச்சு. கேட்டால் அதையும் அப்படியே சொல்லிவிட வேண்டும். எல்லாம் நல்லது என்று ஒரே மூச்சில் சொல்கிறவரைத் தெருக்கூட்டம் நம்பாது.

கையில் எதையாவது காட்ட வேண்டும். 1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த விசாரணையில், விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெய்ன்மன் ஒரு ரப்பர் துண்டை இடுக்கியில் நெருக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். சற்றுப் பொறுத்து வெளியே எடுத்து, குளிரில் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்று காட்டினார். பக்கம் பக்கமான தொழில்நுட்ப அறிக்கையை விட அந்தக் காட்சிதான் மக்கள் மனதில் நின்றது.

நம் மாணவி இரண்டு கல்லைத் தார் பூசிக் கண்ணாடி டம்ளரில் போட்டுக் காட்ட நினைத்தாள். நல்ல யோசனைதான், ஆனால் ஐந்து நிமிடத்தில் தார் கழறாது. சோதனைக்கூடத்தில் அந்தப் பரிசோதனைக்கே 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் ஊற வைப்பார்கள். அதைக் கல்லூரி லேபில் ஆசிரியர் மேற்பார்வையில் முந்தின நாளே செய்து, இரண்டு டம்ளரையும் அப்படியே எடுத்துவர வேண்டும். "நேற்று சாயங்காலம் போட்டது" என்று சொல்லிக் காட்டலாம். கூட்டத்தில் உடனடியாகச் செய்ய வேறொன்று இருக்கிறது. வெறும் ஜல்லி ஒன்று, பிளாஸ்டிக் தோல் போர்த்திய ஜல்லி ஒன்று. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர். வெறும் கல் நனைந்து கறுக்கும். மற்றதில் சொட்டு அப்படியே நிற்கும். பத்து விநாடி வேலை. இரண்டு கல்லையும் கூட்டத்தில் கை மாற்றி அனுப்பிவிட்டால் பின்வரிசைக்கும் போய்ச் சேரும். ஆனால் கல் சுற்றிவரும்போது யாரும் பேச்சைக் கேட்க மாட்டார்கள், அதனால் அதைக் கடைசியில் அனுப்புவது உத்தமம்.

புள்ளிவிவரம் ஒன்றே ஒன்று இருந்தால் போதும். ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் போகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. டன் என்றால் யார் மனதிலும் உருவம் எழாது. அவர்கள் தெரு நூறு மீட்டர் என்றால் நூறு கிலோ, அதாவது நான்கு அரிசிச் சிப்பத்தின் எடை. "நாலு சிப்பம் எடைக்குக் கவர் சேர்ந்தா நம்ம தெருவுக்கு ஆச்சு, இல்லேன்னா அதுவும் அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்." குப்பை கிடங்கின் வாடை வீசும் திசை தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் உலகக் கணக்கு வேண்டாம்.

இப்போது நேரம். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போகாது. மைக் கைமாற, கல்லைக் காட்ட, யாரோ சிரிக்க என்று அரை நிமிடம் போய்விடும். ஆக, கையில் இருப்பது சுமார் நானூற்றைம்பது சொல். அவள் எழுதிவைத்திருந்தது ஆயிரத்துக்கு மேல். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று தோன்றும், அது வேண்டாம். காப்புரிமை, பத்மஸ்ரீ எல்லாம் "நம்ம திருப்பரங்குன்றம் காலேஜ்ல, நம்ம ஊர் பேராசிரியர் கண்டுபிடிச்சது" என்ற ஒரே வரியாகச் சுருங்கட்டும். ஸ்லைடும் வேண்டாம். சாயங்கால வெளிச்சத்தில் புரொஜெக்டர் திரையில் ஒன்றும் தெரியாது, கரன்ட் போனால் அதுவும் இல்லை.

போனில் பதிவு செய்து கேட்டுப் பார்ப்பது எல்லோரும் சொல்கிற யோசனைதான், செய்யட்டும். அதைவிட உறைக்கிற சோதனை ஒன்று இருக்கிறது. ஒத்திகை முடிந்ததும் அத்தையைத் தன் மகளுக்குப் போன் போட்டு, கேட்டதைச் சொல்லச் சொல்ல வேண்டும். பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவர் எதை விட்டார், எதை மாற்றிச் சொன்னார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஒத்திகைக்குப் பிறகு அத்தை போனில் சொன்னது இது: "கல்லுல பால் கவரை ஒட்டவச்சு மேல தார் ஊத்துறாங்களாம்டி. தண்ணி போவாதாம். வெயில்ல நம்ம செருப்புல ஒட்டுறது தாருதானாம். புகை வராதாம், ஏன்னு மறந்துபோச்சு."

புகை பற்றிய இடத்தில்தான் ஓட்டை. மாணவி அங்கே டிகிரிக் கணக்கை எடுத்துவிட்டு, "கருகுனாத்தான் புகை. இது கருகாது, இளகும், அவ்வளவுதான்" என்று மாற்றினாள். டிகிரி எண்களைத் தனித் துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள், யாராவது இன்ஜினீயர் எழுந்து கேட்டால் எடுக்க. முடிவில் "நன்றி, வணக்கம்" இருந்த இடத்தில் இப்போது இருப்பது, சனிக்கிழமை தோறும் கவரைக் கழுவி, காயவைத்து, யார் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்கிற விவரம்.