தாமிரச் சந்திரனும் தாம்பரத்துப் புழுதியும்

தாம்பரம் இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையும் புறவழிச்சாலையும் கூடுமிடத்தில் லாரிகள் இரவெல்லாம் எழுப்பும் புழுதியையும் புகையையும் கண்டு பழகியவர்கள், 2025 செப்டம்பர் 7ஆம் தேதி நிகழ்ந்த பூரண சந்திர கிரகணத்தின் தாமிர நிறத்துக்கும் அவையே காரணம் என்று சொல்வதில் வியப்பில்லை. கீழ்வானில் உதிக்கும் நிலவு புழுதியினூடே சிவந்து தோன்றுவதை அவர்கள் பலமுறை கண்டவர்கள். ஆயினும் அக்கூற்று நிற்காது.

அன்று கிரகணம் 9.57 மணிக்குப் பிடித்தது; பூரண நிலை 11.00 முதல் 12.22 வரை நீடித்தது. அவ்வேளையில் சந்திரன் கீழ்வானில் இல்லை. தலைக்கு மேலே, உச்சியை நெருங்கியிருந்தது. அதே ஆகாயத்தின் வழியே ஒன்பது மணிக்கு வெண்மையாகத் தெரியவேண்டிய நிலவைப் பதினொரு மணிக்குச் சிவக்கச் செய்து, நள்ளிரவு கடந்ததும் விட்டுவிடும் புழுதி எது? லாரிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்த்து வண்டி ஓட்டுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. மேலும், 4,500 மீட்டர் உயரத்தில், தெளிந்த ஆகாயமுடைய லடாக்கின் ஹான்லேயிலிருந்து நோக்குபவருக்கும் பூரண கிரகணச் சந்திரன் சிவப்பாகவே தெரியும்.

பூமி மறைத்தபின் சந்திரனுக்கு ஒளி ஏது என்பதே உண்மையான வினா. வாயுமண்டலம் இல்லாத பூமியாயின், அதன் கருநிழல் கூம்பாக ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் நீண்டிருக்கும். 4 லட்சத்துக்கும் குறைவான தொலைவிலுள்ள சந்திரன் அதில் புகுந்து அறவே இருண்டிருக்கும். ஆனால் பூமியின் விளிம்பை உரசிச் செல்லும் சூரிய கிரணங்கள் அடிக்காற்றில் நுழையும்போதும் வெளியேறும்போதும் வளைந்து, மொத்தத்தில் ஒரு பாகைக்குச் சற்று மிகுதியாகத் திரும்பி, ஏறக்குறைய இரண்டரை லட்சம் கிலோமீட்டரிலேயே நிழலின் நடுவில் வந்து கூடுகின்றன. அதற்கப்பால் முற்றிருள் என்பதே இல்லை. அந்த நெடும்பாதையில் நீலக்கதிர்களைக் காற்றின் மூலக்கூறுகளே சிதறடித்துவிடுவதால், சந்திரனை அடைவது பெரும்பாலும் செவ்வொளி. அங்கே நின்று பார்ப்பவனுக்கு, உலகின் உதயங்களும் அஸ்தமனங்களும் ஒருசேரக் கூடிய செவ்வளையம் கரிய பூமியைச் சுற்றித் தெரியும்.

'ஆயின் உலகத்து வாயுமண்டலத்தின் தூசியே காரணமாகட்டும்' என்று வாதத்தைச் சற்று நகர்த்துவோரும் உளர். தூசிக்குப் பங்கு உண்டு, அவர்கள் எண்ணுகிறபடி அல்ல. அது சிவப்பை உண்டாக்குவதில்லை, ஒளியையே விழுங்குகிறது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை உயர்வானில் வீசிய கந்தகப் பனி பூமியெங்கும் பரவியதன் விளைவாக, 1992 டிசம்பர் 10 விடியற்காலைக் கிரகணத்தில் சந்திரன் ஏறக்குறைய கண்ணுக்கு எட்டாத அளவு இருண்டது. அந்தக் கந்தகப் பனியோடு ஒப்பிட்டால் நம் லாரிகளின் புழுதி எம்மாத்திரம். அது அவ்வளவு உயரத்துக்கு ஏறுவதுமில்லை.

இன்னொரு சான்று நிழலின் விளிம்பில் இருக்கிறது. பூரண நிலை தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் அங்கே மெல்லிய நீலச்சாயல் படரும். உயர்வானின் ஓசோன் படலத்தினூடே வரும் ஒளியில் சிவப்பு சிறிது உறிஞ்சப்படுவதே காரணம். ஊர்ப்புழுதி சிவக்கச் செய்வதாயின் அவ்விளிம்பும் சிவந்தல்லவா இருக்கவேண்டும்? ஐயமுடையோர் 2028 டிசம்பர் 31 இரவு நிகழும் பூரண சந்திர கிரகணத்தின்போது பத்து மணியளவில் ஒரு தொலைநோக்கியோடு இரும்புலியூர் மாடியிலேயே நின்று, அந்நீலத்தைத் தேடிப் பார்க்கலாம்.