உடல் நலம்: கூட்டுப் பயிற்சியும் கிரியேற்றினும்

பலர் ஒருங்குகூடிக் கடும் பயிற்சி செய்யும் வகுப்புக்கள் இன்று நகரங்களிலே பெருகியுள்ளன. ஒரே வகுப்பில் விரைந்தோடல், துள்ளல், இடையறாத பயிற்சி ஆகியவை மாறி மாறி வருகின்றன. இவற்றுக்குச் செல்வோர் பலர் கிரியேற்றின் என்னும் வெண்ணிறத் தூளை உண்கின்றனர். ஆனால், அது வகுப்பின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் உதவுவதில்லை.

கிரியேற்றினை நமது உடல் தானே ஆக்குகின்றது. மீனும் இறைச்சியும் அதனைத் தருகின்றன. மரக்கறி உண்போரின் தசைகளில் அது பொதுவாகக் குறைவு. தசையிலே அதன் பெரும்பகுதி பொசுபேற்றுடன் இணைந்து, உடனடிச் சக்திக்குரிய சேமிப்பாக நிற்கின்றது. முழு வலிமையுடன் முயன்றாற் பத்துச் செக்கனளவில் அச்சேமிப்புப் பெரிதும் கரையும். ஓய்ந்தால், ஏறத்தாழ அரை நிமிடத்திற் பாதி மீளும். முழுவதும் மீளச் சில நிமிடம் வேண்டும். தூளை உண்பதாற் சேமிப்பு மிகுகின்றது.

45 நிமிட வகுப்பொன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் 15 செக்கன் விரைந்தோடி, 45 செக்கன் ஓய்தல். இவ்வாறு பத்து முறை. தூளின் பயன் இங்கேதான் மிகுதி. முதல் ஓட்டத்தில் வேறுபாடு தோன்றாவிடினும், எட்டாம் ஒன்பதாம் ஓட்டங்களில் வேகம் தளர்வது குறையலாம். அடுத்து 20 செக்கன் துள்ளி, 10 செக்கன் ஓய்தல். இவ்வாறு எட்டு முறை. ஓய்வு குறுகியதாதலின் சேமிப்புச் சிறிதே மீளும், பயனும் சிறிதே. இறுதியிற் பத்து நிமிடம் ஒரே சீரான ஓட்டம். அதனை நடத்துவன மூச்சும் இதயமுமே. தசையில் நீர் சேர்வதாற் சிலருக்கு ஒரு கிலோகிராமளவு நிறை கூடுமாதலின், ஓட்டம் சற்றுப் பாரமாகவுந் தோன்றலாம். அது கொழுப்பன்று.

நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். வகுப்பில்லாத நாளிலும் உண்ணல் வேண்டும். மூன்று நான்கு வாரங்களிலே தசை நிறையும். வகுப்புக்குச் சற்றுமுன் உண்டு உடனே வலிமை தேடுதல் வீண். ஒரு வாரம் நாளுக்கு 20 கிராம் உண்டால் விரைவில் நிறையும்; ஆயின் வயிறு கலங்கக்கூடும். பயனை அறிய, முதலோட்டத்தினதும் இறுதியோட்டத்தினதும் தூரங்களைக் குறித்து வருக. பயிற்சியாலும் அவை கூடுமாதலின், முழுப் புகழையும் தூளுக்கே அளித்தலாகாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. கிரியேற்றின் சிதைந்து கிரியேற்றினைன் ஆகின்றது. சிறுநீரகத்தின் நிலையை மருத்துவர் இரத்தத்திலுள்ள இப்பொருளைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடுவர். தூள் உண்பவர்க்குச் சிறுநீரகம் நன்றாயிருப்பினும் இவ்வளவு சற்று உயரலாம். எனவே, இரத்தப் பரிசோதனைக்கு முன் தூளுண்பதை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். சிறுநீரக நோயுள்ளோரும் வளரும் பருவத்து மாணவரும் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடங்கலாகாது.