மூணு வாளி இருந்தா போதுமா?

ஓய்வுபெற்ற ஒருவரிடம் 50 லட்சம் இருக்கிறது, பென்ஷன் போக மாதம் 20,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடச் செலவுக்கு 5 லட்சம் வங்கியில். 25 லட்சம் சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்திலும் கடன் சார்ந்த ஃபண்டுகளிலும். மிச்சம் 20 லட்சம் ஈக்விட்டி ஃபண்டில். பிரிப்பது ஈஸிதான்.

முதல் வாளி காலியாகும்போதுதான் சோதனையே. சந்தை ஏறியிருந்தால் ஈக்விட்டியில் கொஞ்சம் விற்று நிரப்பலாம். விழுந்திருந்தால் அதைத் தொடவே கூடாது, நடு வாளியிலிருந்துதான் எடுக்கணும். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டிய நிஃப்டி, மார்ச்சில் 7,610-க்கு இறங்கியது. நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியபோது, பயந்து விற்றவர்கள் வெளியே நின்றார்கள். எல்லாச் சரிவும் இவ்வளவு சீக்கிரம் மீளாது. நடு வாளி பெரிதாக இருப்பது அதற்குத்தான். ஆனால் அதை முழுசா சீனியர் சிட்டிசன் திட்டத்தில் பூட்டிடாதீங்க. ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் பிடித்தம் உண்டு.