பொங்கலுக்கு முன்பே திரும்பிவிடும் சூரியன்

தை முதல் நாள் விடிவதற்குள் புலனக் குழுக்களில் ஒரு வாழ்த்து வலம் வரத் தொடங்கிவிடும். உத்தராயணம் பிறந்துவிட்டது, தெற்கே போன சூரியன் இன்று முதல் வடக்கு நோக்கித் திரும்புகிறான் என்று அது சொல்லும். பள்ளிப் பொங்கல் விழா மேடையிலும் புதிர்ப்போட்டித் தாளிலும் இதே செய்தியைக் கேட்கலாம். வாழ்த்தில் குறையில்லை. ஆனால் சூரியன் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாள். பொங்கல் வரும்போது அவன் வடக்கே நடக்கத் தொடங்கி ஏறத்தாழ 24 நாள் ஆகியிருக்கும். தட்சிணாயனமும் இப்படித்தான். பஞ்சாங்கத்தில் அது ஆடி முதல் நாள், அதாவது ஜூலை நடுவில் தொடங்குகிறது. வானத்தில் சூரியன் தெற்கே திரும்புவதோ ஜூன் 21 வாக்கில்.

நான் வசிக்கும் தஞ்சோங் மாலிம் 1922 முதல் ஆசிரியர்களை உருவாக்கி வரும் ஊர். நாளை வகுப்பறையில் நிற்கப் போகிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களாவது இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குத் தொலைநோக்கி வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு ஒன்றும் சமதளமான சிமெண்டுத் தரையும் போதும்.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3.7 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 பாகையில் நிற்கிறான். இரண்டையும் கூட்டினால் 27 பாகை. அன்று உச்சிவேளையில் அவன் நம் தலைக்கு நேர் மேலே இல்லாமல் அவ்வளவு தூரம் தெற்கே சாய்ந்திருப்பான். ஒரு மீட்டர் கம்பின் நிழல் வடக்கு நோக்கி சுமார் 51 செண்டிமீட்டர் விழும். ஜனவரி 14 அன்று அதே கம்பை அதே இடத்தில் நட்டால் நிழல் சுமார் 47 செண்டிமீட்டர்தான் இருக்கும். சூரியன் பொங்கலன்றுதான் திரும்புகிறான் என்றால், தென்கோடியில் நிற்கும் அன்றைக்கு நிழல் ஆண்டிலேயே மிக நீளமாக இருக்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே நான்கு செண்டிமீட்டர் அளவு சுருங்கிவிட்டது.

அளக்கும்போது இரண்டு இடத்தில் தவறு நேரும். முதலாவது கம்பின் சாய்வு. ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் நிழல் இரண்டு செண்டிமீட்டர் கூடும் அல்லது குறையும்; நாம் தேடும் வேறுபாட்டில் பாதி அதிலேயே போய்விடும். ஆகவே தூக்குக்குண்டு கட்டிச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது கடிகாரம். மலேசிய நேரப்படி நண்பகல் 12 மணி நம் உச்சிவேளை அல்ல. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணிக்குப் பிறகுதான். அதுவும் நாளுக்கு நாள் மாறும்: நவம்பர் இறுதியில் 1.02, ஜனவரி நடுவில் 1.23. எனவே கடிகாரத்தை நம்பாமல், 12.50 முதல் 1.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் அன்றைய உச்சி நிழல்.

திரும்பும் நாளை நேரடியாகப் பிடிக்க முயன்றால் ஏமாற்றம்தான். திரும்பும் இடத்தில் சூரியன் மிக மெதுவாக நகர்வதால், டிசம்பர் 14 முதல் 28 வரை நிழல் அரை செண்டிமீட்டர்கூட மாறுவதில்லை. போதாக்குறைக்கு அந்த மாதத்தில் நம் ஊர் மேகம் வேறு. அதற்கு நல்ல வழி இருக்கிறது. நவம்பர் 28 வாக்கில் நிழலை அளந்து குறித்து வையுங்கள். சுமார் 47 செண்டிமீட்டர் இருக்கும். நிழல் நீண்டு, மறுபடி குறுகி அதே அளவுக்கு வருவது பொங்கலன்று. இடைப்பட்ட 47 நாளின் நடுவைப் பார்த்தால் டிசம்பர் 21 வந்து நிற்கும்.

சரி, பஞ்சாங்கம் ஏன் பொங்கலைச் சொல்கிறது? பஞ்சாங்கத்தின் தை மாதம் விண்மீன்களை வைத்துக் கணக்கிடப்படுவது. விண்மீன்களிடையே மகர ராசியின் தொடக்கம் என்று குறித்த இடத்துக்குச் சூரியன் வரும் நேரமே தை பிறக்கும் நேரம். சூரியன் ஒரு விண்மீனிடமிருந்து புறப்பட்டு மீண்டும் அதே விண்மீனிடம் வர ஆகும் காலம், ஒரு கதிர்த்திருப்பத்திலிருந்து அடுத்த ஆண்டின் அதே திருப்பம் வரையுள்ள காலத்தைவிட 20 நிமிடம் அதிகம். பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப் போல, சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று மெல்லத் தள்ளாடுவதே காரணம். இருபது நிமிடம் 72 ஆண்டுகளில் ஒரு நாளாகிவிடும். நாம் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டி பருவங்களைப் பின்பற்றுகிறது. தை விண்மீன்களைப் பின்பற்றுகிறது. அதனால் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று அதே சங்கராந்தி 14 அல்லது 15-இல் வருகிறது. இந்திய அரசு ஏற்றுள்ள கணக்கின்படி பின்னோக்கிப் போனால், கி.பி. 285 வாக்கில் மகரத் தொடக்கமும் கதிர்த்திருப்பமும் ஒரே நாளில் நிகழ்ந்தன. அந்தக் காலத்தில் புலனம் இருந்திருந்தால் வாழ்த்து முழுவதும் சரியாக இருந்திருக்கும்!

இதைச் சொன்னால் முன்னோரைக் குறை சொல்வதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் வராகமிகிரரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் அவர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் இந்தப் பேச்சே வருகிறது. முற்கால நூல்கள் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் பிறப்பதாகச் சொல்கின்றன, தம் காலத்திலோ மகரத் தொடக்கத்தில் பிறக்கிறது என்று அவர் எழுதுகிறார். அவிட்டத்தின் தொடக்கம் மகரத் தொடக்கத்திலிருந்து 23 பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. பழைய நூலைப் பொய் என்று அவர் தள்ளவில்லை. அதையே பிடித்துக்கொண்டும் நிற்கவில்லை. சூரியன் உதிக்கும், மறையும் இடங்களைக் குறி வைத்தும், வட்டம் வரைந்து நிழலை அளந்தும் கண்டுகொள்ளுங்கள் என்கிறார். நம் ஒரு மீட்டர் கம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அப்படியானால் பொங்கலை டிசம்பருக்கு மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பேன். இந்தியாவில் 1952-இல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு மாதங்களைப் பருவத்தோடு இணைத்தது. 1957 மார்ச் 22 முதல் நடப்புக்கு வந்த அந்தத் தேசிய நாட்காட்டியில் டிசம்பர் 22 ஒரு மாதத்தின் முதல் நாள். பஞ்சாங்கங்களும் திருவிழாக்களும் அதன் பின்னே போகவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை. பொங்கல், மகர ராசிக்குள் சூரியன் நுழையும் நாள். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். இந்த இரண்டும் இன்றும் உண்மை. சூரியன் திரும்பும் நாள் என்ற மூன்றாவது பட்டத்தை மட்டும் எடுத்துவிடலாம்.

பொங்கல் முதல் பகல் நீளத் தொடங்குகிறது என்று சேர்த்துச் சொல்வதையும் நிறுத்தலாம். பகல் நீள்வதும் டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. அதுவும் தஞ்சோங் மாலிமில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு 26 நிமிடம்தான். நமக்கு வேறொரு சிறப்பு உண்டு. வடக்கே வரும் சூரியன் மார்ச் 30 வாக்கில் நம் தலைக்கு நேர் மேலே நிற்பான். கம்புக்கு நிழலே இருக்காது. அதைத் தாண்டிய பிறகு நிழல் தெற்கே விழும். ஜூன் 21-இல் அது 36 செண்டிமீட்டர் நீண்டு, பிறகு குறையத் தொடங்கும். ஆடி பிறக்க அப்போது இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்.