அழுத முகம் ஆறு, கைகூப்பல் நாலு

ஒரு செத்த வீட்டுச் சேதிக்கு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் என்ன பதில் வருகிறது என்று பாருங்கோ. "பெரியம்மா விடியப்பறம் மோசம் போயிட்டா" என்று ஒரு வரி விழுகிறது. ஐந்து நிமிசத்துக்குள் அழுத முகம் ஆறு, கைகூப்பல் நாலு. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஒரே வரிசை. சொல் ஒன்றும் இல்லை. எப்ப நடந்தது, பிள்ளையள் வந்திட்டினமோ, எப்ப எடுக்கினம் என்று கேட்க ஒருத்தரும் இல்லை.

அதற்குள் வயதான ஒருவர் 😂 போட்டுவிட்டார். கண்ணில் நீர் தெரிந்தால் அழுகைதானே என்று நினைத்திருப்பார். அது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வருகிற முகம். 2015 இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்ததே இதைத்தான். அழுகிற முகத்தில் கண்ணீர் இரண்டு ஓடையாக வழியும், சிரிக்கிறதில் பல் தெரியும். சின்னப் போனில், கண்ணாடி போடாத கண்ணுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? செத்த வீட்டுக்காரர் மனம் நொந்துபோனார்கள். அந்த மனிசன் "நல்ல மனிசி" என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் இந்த வில்லங்கம் வந்திராது.

2018 டிசம்பர் வெள்ளத்தை நான் மறக்கமாட்டேன். இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட, கண்டாவளைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். "முழங்காலுக்கு மேல தண்ணி. நெல்லு மூட்டையைக் கட்டிலில ஏத்திட்டம். பள்ளிக்கூடத்துக்குப் போறம்" என்று குழுவில் எழுதினேன். பதிலுக்கு வந்தவை: "ஐயோ!!!!!", "கவனம்!!!!", "கடவுளே!!!!", பின்னால் கும்பிடுகள். ஒன்றுகூட மனதில் தங்கவில்லை. தங்கியது ஒரு மச்சாள் அனுப்பியது மட்டும்: "மாடுகளை அவிட்டு விட்டனியளோ? அம்மான்ர மருந்தை மறக்காதேங்கோ." படமும் இல்லை, குறியும் இல்லை. அவள் எங்கள் வளவை மனக்கண்ணில் நடந்து பார்த்திருக்கிறாள். கொட்டிலில் மாடு நிற்பதும், அம்மா பிரஷர் குளிசை போடுவதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அந்த ஐந்து ஆச்சரியக்குறியை எந்த ஊர் வெள்ளத்துக்கும் அனுப்பலாம். மாட்டைப் பற்றிய கேள்வியை எங்களுக்கு மட்டும்தான் அனுப்பலாம்.

எழுதிய வசனத்தில் குறியையும் படத்தையும் அழித்துவிட்டு மிச்சத்தை வாசித்துப் பாருங்கோ. "வாழ்த்துக்கள்!!!!" என்பதில் மிஞ்சுவது வெறும் "வாழ்த்துக்கள்." பெட்டைக்கு வவுனியாப் பல்கலைக்கழகம் கிடைத்த சேதிக்கு அது போதுமோ? "விளக்கு வைச்சுப் படிச்ச பிள்ளையெல்லே, கிடைச்சிட்டுது!" என்று எழுதினால் அந்த ஒரு குறியே துள்ளும். தேத்தண்ணி குடிக்க வாறன் என்பதற்கும் மூன்று குறி போட்டுப் பழகியவர்களிடம், பிள்ளை பிறந்த சேதிக்குப் போட என்ன மிச்சம் இருக்கும்?

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பூவும் இதயமும் வைத்துப் பழக்கிவிட்டதால், வைக்காத வசனம் இப்போது கோபமாகத் தெரிகிறது. வயலில் சேற்றுக் கையோடு நின்று "சரி" என்று அனுப்பினேன். மருமகள் உடனே கோல் எடுத்து, "மாமி, என்னில ஏதும் கோவமோ?" என்கிறாள். சரி என்ற சொல்லுக்கு என்ன குறை வந்தது?

எமோஜியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவில் ஸ்கொட் பால்மன் என்ற கணினிப் பேராசிரியர் 1982 இல் :-) என்பதைப் போடச் சொன்னதற்குத் தக்க காரணம் இருந்தது: கணினியில் எழுதிய பகிடியை ஆக்கள் மெய்யென்று எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில் குரல் கேட்காது. "நீ பொங்கலுக்கு வரவே வேண்டாம், உன்ர பங்கையும் நாங்களே சாப்பிடுறம்" என்று தம்பிக்கு எழுதினால், கடைசியில் ஒரு சிரித்த முகம் கட்டாயம் வேணும். அது இல்லாவிட்டால் அவன் உண்மையாகவே முகம் சுளிப்பான். ஒன்று போதும், மூன்று போட்டால் பகிடியே வழுக்கிவிடும்.

தமிழில் தட்டத் தெரியாத ஆச்சிமார் அனுப்புகிற ஒற்றைப் பூவையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களிடம் இருப்பது அதுதான், தேடிப் பிடித்து அனுப்புகிறார்கள். எழுதத் தெரிந்த, படித்த, நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிற எங்கட பிள்ளைகளிடம்தான் கேட்கிறேன். செத்த வீட்டுக்கு அந்த மனிசியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எழுதுங்கோ. "பள்ளிக்கூடம் விட்டு வந்தா பெரியம்மா மோர் கரைச்சுத் தருவா" என்றாலும் காணும். எழுத வரவில்லையென்றால் வொய்ஸ் போடுங்கோ, அழுதாலும் பரவாயில்லை.